நோன்புப் பெருநாளுக்கு எதிர்வீட்டாருக்கு ஒரு வாழ்த்து வீடியோ: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருச்சியில் கல்யாண வீடியோ எடிட் பண்ணுவது என் தொழில். ரமலான் மாதத்தின் கடைசி வாரம் வந்தால் போதும், தெருக்காரர்களும் சொந்தக்காரர்களும் ஃபோனை நீட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். "பக்கத்து வீட்டு பாய் குடும்பத்துக்கு ஒரு சின்ன வீடியோ அனுப்பணும், எப்படிப் பண்றது?" என்பார்கள். ஒவ்வொரு வருடமும் அதே சந்தேகங்கள். சிலவற்றுக்கு எனக்கே பதில் தெரியாமல் எதிர்வீட்டுப் பெரியம்மாவிடம் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளையும், நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எதிர்வீடுதானே, நேர்ல போய் சொன்னா போதாதா? வீடியோ எதுக்கு?

போதும். நேரில் போக முடிந்தால் போய்விடுங்கள், அதற்கு ஈடு எதுவும் இல்லை. வீடியோ நேரில் போவதற்குப் பதிலாக அனுப்புவது இல்லை, அதோடு சேர்த்து அனுப்புவது. பெருநாள் காலையில் அவர்கள் வீட்டில் ஆண்கள் தொழுகைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள், அடுப்பில் பெரிய சட்டி ஏறியிருக்கும், வெளியூரிலிருந்து பிள்ளைகள் வந்திறங்கியிருப்பார்கள். அந்த நேரத்தில் வாசலில் போய் நின்றால் நம்மைக் கவனிப்பதா வேலையைக் கவனிப்பதா என்று தடுமாறுவார்கள். வீடியோ என்றால் கை ஒழிந்தபோது பார்த்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, தாத்தா பாட்டி போல மாடிப்படி இறங்க முடியாதவர்களும் அதில் ஒரு வரி பேசிவிடலாம். துபாயில் இருக்கும் அவர்கள் மகனுக்கும் அது போய்ச் சேரும். எங்கள் எதிர்வீட்டுப் பெரியம்மா அப்படித்தான் மகனுக்கு அனுப்பிவைத்தார்.

எவ்வளவு நேரம் இருக்கணும்?

அரை நிமிடம். மிஞ்சிப் போனால் நாற்பது விநாடி. பெருநாள் அன்று ஒவ்வொருவர் ஃபோனிலும் வாழ்த்து குவிந்து கிடக்கும், இரண்டு நிமிட வீடியோவைத் திறந்து பார்க்க யாருக்கும் பொறுமை இருக்காது. நிதானமாகப் பேசினால் அரை நிமிடத்தில் ஐம்பது சொல்லுக்கு மேல் அடங்காது. அதனால் முதலில் தாளில் எழுதுங்கள், எண்ணுங்கள், ஐம்பதைத் தாண்டினால் வெட்டுங்கள். எழுதாமல் கேமரா முன்னால் நின்றால் எல்லோரும் "அதாவது பார்த்தீங்கன்னா" என்றுதான் ஆரம்பிப்பார்கள்.

ஃபோனை நிமிர்த்திப் பிடித்தே எடுங்கள். பார்ப்பவரும் அப்படித்தான் பிடித்துப் பார்க்கப் போகிறார்.

ரம்ஜான் வாழ்த்தா, ஈத் முபாரக்கா, எதைச் சொல்றது?

ரமலான் என்பது மாதத்தின் பெயர். அந்த மாதம் முழுக்க நோன்பு. மாதம் முடிந்து ஷவ்வால் மாதத்தின் முதல் நாள்தான் பெருநாள். தமிழ் முஸ்லிம்கள் வீட்டில் பெரும்பாலும் புழங்கும் சொல் "நோன்புப் பெருநாள்", அல்லது வெறும் "பெருநாள்". மேடையிலும் பத்திரிகையிலும் "ஈகைத் திருநாள்" என்று வரும். தொழுகைக்குப் போவதற்கு முன்னால் ஏழைகளுக்கு ஃபித்ரா என்ற தர்மத்தைக் கொடுத்துவிட வேண்டும், அதை வைத்து வந்த பெயர் அது.

"ரம்ஜான் வாழ்த்துகள்" என்று சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், ஊரே அப்படித்தான் சொல்கிறது. "ஈத் முபாரக்" என்பதும் சரிதான். ஆனால் என்னைக் கேட்டால் "பெருநாள் வாழ்த்துகள்" என்று சொல்லுங்கள். அது அவர்கள் வீட்டுக்குள் புழங்கும் சொல். எதிர்வீட்டுக்காரர் வாயில் அது வரும்போது முகத்தில் ஒரு மாற்றம் தெரியும், நான் பார்த்திருக்கிறேன். அப்புறம், திரையில் எழுத்துப் போடுவதாக இருந்தால் "வாழ்த்துகள்", நடுவில் க் வேண்டாம். இதில் தமிழாசிரியர்களுக்குள்ளேயே வழக்கு உண்டு. நான் க் இல்லாத கட்சி.

வணக்கம்னு ஆரம்பிக்கலாமா, இல்ல ஸலாம் சொல்லணுமா?

இரண்டுமே கட்டாயம் இல்லை. "வணக்கம்" என்ற சொல்லுக்கு முஸ்லிம்களின் தமிழில் இறைவனை வணங்குவது என்ற பொருள் அழுத்தமாக உண்டு. அதனால் சிலர் மனிதருக்கு வணக்கம் சொல்லத் தயங்குவார்கள், சொல்பவரிடம் குறை காண மாட்டார்கள். வாழ்க்கை முழுக்க "வணக்கம் சார்" என்று சொல்லிக்கொண்டே இருப்பவர்களும் நிறைய உண்டு. எந்த வகை என்பது உங்கள் பக்கத்து வீட்டாரைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும்.

"அஸ்ஸலாமு அலைக்கும்" என்றால் உங்கள் மீது சாந்தி உண்டாகட்டும் என்று பொருள். மற்றவர்கள் சொன்னால் பெரும்பாலானோர் சந்தோஷப்படுவார்கள். ஆனால் தினமும் சொல்கிற பழக்கம் இருந்தால் மட்டும் வீடியோவில் சொல்லுங்கள். அன்றைக்கு மட்டும் புதிதாக வாயில் வந்தால் ஒத்திகை பார்த்தது போல இருக்கும். தினமும் எப்படிக் கூப்பிடுகிறீர்களோ அப்படியே கூப்பிட்டு ஆரம்பிப்பது எல்லாவற்றையும் விட நல்லது. பெரியம்மா என்றால் பெரியம்மா, அண்ணனைக் காக்கா என்று கூப்பிட்டால் காக்கா. "பாய்" என்பதிலும் இதுதான் கணக்கு. முப்பது வருடமாக பாய் என்று கூப்பிட்டு அவரும் திரும்பிப் பார்க்கிறார் என்றால் சரி. புதிதாகக் குடிவந்த இளைஞனை, பெயர் தெரிந்திருந்தும், பாய் என்று கூப்பிடுவது அவனுக்கு உறுத்தலாம்.

என்ன பேசுறதுன்னே தெரியல. ஒரு மாதிரி எழுதிக் குடுங்களேன்.

எழுதித் தருகிறேன், ஆனால் இதை அப்படியே படிக்காதீர்கள். இது எங்கள் வீட்டுக்காக எழுதியது. எங்களுக்கும் எதிர்வீட்டுக்கும் நடுவில் ஒரு தூக்குவாளி இருக்கிறது. நோன்பு மாதத்தில் மாலை ஐந்தரைக்கு அதில் நோன்புக் கஞ்சி வரும். பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், தேங்காய்ப்பால் போட்டுக் குழைய வைத்தது. தூக்குவாளியின் மூடியில் பெரியம்மாவின் மாமியார் பெயரின் முதல் எழுத்து வெட்டியிருக்கும். வீடியோ அதைச் சுற்றித்தான்.

முதல் காட்சி, மாடியில் என் மகள்: "பெரியம்மா, நேத்து சாயங்காலம் பிறையைப் பார்த்துட்டோம். நான்தான் முதல்ல பார்த்தேன்." ஆறு விநாடி.

இரண்டாவது, சமையலறை ஜன்னல் பக்கம் தூக்குவாளியோடு என் மனைவி: "நோன்பு முழுக்க உங்க வீட்டுக் கஞ்சி எங்க வீட்டுக்கு வந்துச்சு. தூக்குவாளி இன்னும் எங்ககிட்டதான் இருக்கு. வெறும் பாத்திரமா திருப்பித் தர மாட்டேன்." பன்னிரண்டு விநாடி. நடுவில் மூடியில் வெட்டிய எழுத்து மட்டும் கிட்டத்தில் இரண்டு விநாடி தெரியும்.

மூன்றாவது, திண்ணையில் அப்பா: "பாய், தொழுகை முடிச்சுட்டு வாங்க, வாசல்ல உக்காந்திருக்கேன்." ஆறு விநாடி.

கடைசியாக எல்லோரும் சேர்ந்து: "உங்க எல்லாருக்கும் பெருநாள் வாழ்த்துகள்." நான்கு விநாடி.

இடைவெளிகளோடு மொத்தம் 32 விநாடி வந்தது. முதல் தடவை எடுத்தது ஒரு நிமிடம் ஐம்பது விநாடி ஓடியது. அதில் அப்பா ஒற்றுமையைப் பற்றி ஒரு சொற்பொழிவே ஆற்றியிருந்தார். நல்ல பேச்சுதான், ஆனால் அதை யாருக்கு வேண்டுமானாலும் அனுப்பியிருக்கலாம். வாசலில் உட்கார்ந்திருக்கிறேன் என்ற வரியை அந்த பாய்க்கு மட்டும்தான் அனுப்ப முடியும். உங்கள் வீட்டுக்கு எழுதும்போது இந்தத் தூக்குவாளி மாதிரி உங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவே எது போய் வருகிறது என்று பாருங்கள். கடன் வாங்கிய ஏணியாக இருக்கலாம், ஆஸ்பத்திரிக்கு வண்டி எடுத்துக்கொண்டு ஓடி வந்த ஒரு ராத்திரியாக இருக்கலாம். அதில் ஒன்றை மட்டும் சொல்லுங்கள்.

இன்னொரு சின்ன விஷயம். முதலில் "முப்பது நாளும் கஞ்சி வந்துச்சு" என்று எழுதியிருந்தேன். பிறை 29-ஆம் நாளே தெரிந்துவிட்டால் நோன்பு 29 நாள்தான். அதனால்தான் "நோன்பு முழுக்க" என்று மாற்றினேன்.

பெருநாள் என்னைக்குன்னு கடைசி ராத்திரி வரைக்கும் தெரியலையே. எப்ப எடுக்குறது, எப்ப அனுப்புறது?

காலண்டரில் சிவப்பு எழுத்தில் போட்டிருப்பது உத்தேசம்தான். ரமலான் 29-ஆம் நாள் மாலை சூரியன் மறைந்ததும் மேற்கே பிறை தெரிந்தால் மறுநாள் பெருநாள். தெரியாவிட்டால் நோன்பு முப்பதாகி, அதற்கு மறுநாள் பெருநாள். தமிழ்நாட்டில் அரசின் தலைமை காஜி இரவில் அறிவிப்பார். இங்கே 2023-இல் ஏப்ரல் 22, 2024-இல் ஏப்ரல் 11, 2025-இல் மார்ச் 31 என்று பெருநாள் வந்தது. சந்திர ஆண்டு என்பதால் வருடத்துக்குப் பதினொரு நாள் வாக்கில் முன்னால் நகர்ந்துகொண்டே வரும்.

ஊருக்கு ஊர் மாறும் என்பதையும் மறக்காதீர்கள். 2024-இல் கேரளத்தில் ஏப்ரல் 10, தமிழ்நாட்டில் 11. ஒரே தெருவில்கூட வெளிநாட்டுப் பிறையை ஏற்றுக்கொள்கிற குடும்பம் ஒரு நாள் முன்பே கொண்டாடிவிடலாம். அதனால் டிவியைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். "உங்களுக்கு நாளைக்கா பெருநாள்?" என்று அவர்களையே கேட்டுவிடுங்கள். அது இரகசியத்தை உடைக்காது, எல்லோரும் கேட்கிற கேள்விதான்.

பிறையைச் சொல்லும் முதல் காட்சியைத் தவிர மற்றதை எல்லாம் இரண்டு நாள் முன்பே எடுத்துவிடலாம். முதல் காட்சி மட்டும் அந்த மாலை. மேகம் மூடிக்கொண்டால் பிள்ளை பார்க்காததைப் பார்த்ததாகச் சொல்ல வைக்காதீர்கள். ஒரு வருடம் எங்களுக்கு அப்படி ஆனது. "பிறை தெரியல பெரியம்மா, மேகம். ஆனா பள்ளிவாசல் மைக்குல சொன்னது கேட்டுச்சு" என்று மகளே சொன்னாள். எழுதி வைத்திருந்ததை விட அது நன்றாக இருந்தது. அனுப்பும் நேரம் பெருநாள் விடியற்காலை, ஆறு மணிக்குள். பெருநாள் தொழுகை சூரியன் உதித்துச் சற்று நேரம் கழித்துத்தான், நேரம் ஊருக்கு ஊர் வேறுபடும். "தொழுகை முடிச்சுட்டு வாங்க" என்ற வரி தொழுகை முடிந்த பிறகு போய்ச் சேர்ந்தால் வேடிக்கையாகிவிடும்.

பிறையை ஃபோன்ல எடுத்தா வெறும் வெள்ளைப் புள்ளியாத்தான் வருது.

ஃபோன் இருட்டைக் கண்டதும் வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது, அதில் மெல்லிய பிறை ஊதிப் போய்விடும். இரவுப் பயன்முறையை அணைத்துவிடுங்கள். இரண்டு அல்லது மூன்று மடங்கு பெரிதாக்கி, திரையில் பிறை மேலேயே விரலை வைத்து அழுத்துங்கள், கூடவே வரும் சூரியக் குறியைக் கீழே இழுங்கள். வானம் கருநீலமாகும்போது பிறை கோடாகத் தெளியும். கை நடுங்கும், அதனால் ஃபோனை மாடிக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வையுங்கள். நேரம் ரொம்பக் குறைவு. 29-ஆம் நாள் பிறை சூரியன் மறைந்து ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் அதுவும் மறைந்துவிடும். எடுக்க முடியாவிட்டால் விட்டுவிடுங்கள், பிள்ளை மேற்கே கை நீட்டுவதைக் காட்டினாலே போதும்.

தயவுசெய்து இணையத்திலிருந்து பிறைப் படம் எடுத்து ஒட்டாதீர்கள். அவற்றில் பாதி தேய்பிறை. நம் ஊரில் மாலையில் தெரியும் முதல் பிறைக்கு ஒளிர்கிற விளிம்பு சூரியன் இறங்கிய பக்கம், அதாவது கீழ்நோக்கி இருக்கும், ஏறக்குறைய ஓடம் மிதக்கிற மாதிரி. வருடா வருடம் மாடியில் நின்று அதைத் தேடுகிறவர்களுக்குப் படத்தில் உள்ள கோளாறு உடனே தெரியும்.

மூஞ்சி கருப்பா விழுது, பேசுறதும் கேக்கல.

ஜன்னலுக்கு முதுகு காட்டி நிற்கிறீர்கள். ஜன்னலைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள், கேமரா ஜன்னல் பக்கம் இருக்கட்டும். சத்தத்துக்கு மின்விசிறியை நிறுத்துங்கள், குக்கரை இறக்குங்கள், ஃபோனைப் பேசுபவரிடமிருந்து கை நீளத்துக்குள் வையுங்கள். தூரத்தில் நின்று எடுக்க வேண்டுமென்றால் பழைய கம்பி இயர்ஃபோனின் மைக்கைச் சட்டைக்குள் விட்டு எடுக்கலாம். என் மகளின் முதல் வரி மூன்று தடவை பாழானதற்குக் காரணம் கீழ்வீட்டுக் குக்கர் விசில்தான்.

அனுப்பும்போது வாட்ஸ்அப்பில் HD என்ற பொத்தானைத் தட்டிவிட்டு அனுப்புங்கள், இல்லாவிட்டால் திரையில் போட்ட எழுத்து மங்கிவிடும்.

பின்னாடி பாங்கு சத்தம் போட்டா நல்லா இருக்குமா? இல்ல ஏதாவது பாட்டு?

பாங்கு வேண்டாம். பாங்கு என்பது தொழுகைக்கு வரச்சொல்லும் அழைப்பு, பின்னணி இசை இல்லை. அதோடு பெருநாள் தொழுகைக்குப் பாங்கு சொல்லும் வழக்கமே கிடையாது. பெருநாளுக்கென்று கேட்பது தக்பீர், இறைவனின் பெருமையைச் சொல்வது. அதையும் நாம் எடுத்து ஒட்ட வேண்டியதில்லை. குரான் ஓதுவதை ஒட்டி அதன் மேல் நம் பேச்சை ஓட விடுவதும் கூடாது, ஓதும்போது பேசாமல் காது கொடுத்துக் கேட்க வேண்டும் என்பது அவர்கள் மரபு.

பாட்டைப் பொறுத்தவரை வாத்திய இசையைத் தவிர்க்கிற குடும்பங்கள் உண்டு, விரும்பிக் கேட்கிற குடும்பங்களும் உண்டு. எது என்று தெரியாவிட்டால் இசையே போடாமல் இருப்பது பத்திரம். எங்கள் வீடியோவில் பின்னணியில் கேட்பது காக்காயும், பால்காரர் மணியும்தான். யாரும் குறை சொல்லவில்லை.

பள்ளிவாசல் படம், குரான் வசனம் எல்லாம் போட்டு டிசைன் பண்ணித் தரீங்களா?

தர மாட்டேன் என்று சொல்லிவிடுவேன், காரணம் இதுதான். இணையத்தில் தேடி எடுக்கிறவர்கள் தாஜ்மஹாலைப் போட்டு அனுப்புகிறார்கள். அது கல்லறை மாளிகை. பெருநாள் வாழ்த்துக்குக் கல்லறைப் படம் எப்படி இருக்கும்? பள்ளிவாசல்தான் வேண்டும் என்றால் உங்கள் தெருப் பள்ளிவாசலை வெளியே சாலையில் நின்று எடுங்கள், உள்ளே தொழுகிறவர்களை எடுக்காதீர்கள். தமிழ்நாட்டில் பள்ளிவாசல் என்றால் குவிமாடம் இருந்தே தீர வேண்டும் என்றும் இல்லை. கீழக்கரைப் பழைய ஜும்மா பள்ளியைப் பாருங்கள், கல்தூண்களோடு நம்மூர்க் கட்டடக்கலையில் நிற்கிறது.

அரபி வசனத்தை அலங்காரமாகப் போடுவதில் இரண்டு சிக்கல். பொருள் தெரியாமல் போட்டால் சம்பந்தமில்லாத வசனமாக இருக்கும். சில மென்பொருளில் அரபி எழுத்துகள் ஒன்றோடொன்று சேராமல் உடைந்து, வரிசையும் தலைகீழாக வரும். நமக்குத் தெரியாது, படிக்கிறவர்களுக்கு உறுத்தும். நபியின் உருவம் என்று எந்தப் படமும் கூடாது என்பதைச் சொல்லவே வேண்டாம்.

பையனுக்குத் தொப்பி மாட்டி, கொஞ்சம் பாய் மாதிரியே பேச வச்சா செம க்யூட்டா இருக்குமே?

வேண்டாங்க. "பாய் மாதிரி பேசுறது" என்று நீங்கள் நினைப்பது பழைய சினிமா நகைச்சுவைக் காட்சியில் கேட்ட கொச்சை. காயல்பட்டினத்திலோ கம்பத்திலோ ராமநாதபுரத்திலோ இருப்பவர்களுக்குத் தாய்மொழி தமிழ்தான். வாப்பா, உம்மா, அத்தா என்று உறவுப்பெயர் மாறும், அவ்வளவுதான். வீட்டில் உருது பேசுகிறவர்களும் அப்படிப் பேசுவதில்லை. வருடம் முழுக்க வெளியில் கேட்டுப் புளித்த கேலியைப் பெருநாளன்று எதிர்வீட்டுப் பையன் வாயிலிருந்தும் கேட்க வேண்டுமா?

தொப்பியும் அப்படித்தான். அவர்கள் வீட்டுப் பெரியவரே ஆசையாகத் தன் பேரன் தொப்பியை எடுத்து உங்கள் பையன் தலையில் வைத்தால் அது வேறு கதை. நாமாக வாங்கி மாட்டினால் வேஷம். உங்கள் பையன் உங்கள் பையனாகவே நிற்கட்டும், நெற்றியில் விபூதி இருந்தால் அதுவும் இருக்கட்டும். வாழ்த்துவது யார் என்று தெரிந்தால்தானே வாழ்த்து.

அவங்க வீட்டுக்குள்ள போய், அவங்க சிரிக்கிறதையும் எடுத்து, நல்லிணக்கம்னு போட்டு ரீல்ஸ்ல விடலாமா?

இது வேறொரு வீடியோ. நான் இதுவரை சொன்னது ஒரு குடும்பம் இன்னொரு குடும்பத்துக்கு அனுப்புவது. ஊருக்குக் காட்டுவதாக இருந்தால் அதில் தெரிகிற ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்க வேண்டும். எடுக்கும்போது ஒரு தடவை, எடுத்து முடித்து அவர்களிடம் காட்டிய பிறகு இன்னொரு தடவை. கேமரா நீட்டிய நேரத்தில் "வேண்டாம்" என்று சொல்வது யாருக்கும் கஷ்டம், அதிலும் வீட்டுக்கு வந்தவரிடம். தங்கள் முகம் வெளியில் போவதை விரும்பாத பெண்கள் இருப்பார்கள், நம் வீட்டிலும்தான் இருக்கிறார்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர் பக்கத்து வீட்டில் பிரியாணி வாங்குவதைப் படமெடுத்து "இதுதான் தமிழ்நாடு" என்று போட்டார். கீழே வந்த கருத்துகளில் கால்வாசி வசவு. பிரியாணி கொடுத்த அம்மா அதை எல்லாம் உட்கார்ந்து படித்திருக்கிறார். மறு வருடம் பிரியாணி வந்தது, ஆனால் பையனிடம் கொடுத்தனுப்பினார், அவர் வரவில்லை. பொதுவில் போட்டே ஆக வேண்டும் என்றால் உங்கள் வீட்டு முகங்கள் மட்டும் இருக்கட்டும், அவர்கள் பெயரும் கதவு எண்ணும் தெரியாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

இதே மாதிரி பக்ரீத்துக்கும் மொஹரத்துக்கும் அனுப்பிடலாமா?

பக்ரீத்துக்கு அனுப்பலாம். ஹஜ்ஜுப் பெருநாள், தியாகத் திருநாள் என்று சொல்வார்கள். துல்ஹஜ் மாதம் பத்தாம் நாள் என்பதால் பிறை பார்த்த பிறகு ஒன்பது நாள் கையில் இருக்கும், மேலே சொன்ன கடைசி ராத்திரி அவதி இல்லை. ஆட்டுப் படம், ஆடு அழுகிற ஜோக் மட்டும் வேண்டாம். நீங்கள் சைவமாக இருந்தாலும் அதை அன்றைக்கு நினைவூட்ட வேண்டிய தேவை இல்லை, அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

மொஹரத்துக்கு வேண்டாம். அரசு விடுமுறை என்பதால் பண்டிகை என்று நினைத்து "இனிய மொஹரம்" அனுப்பிவிடுகிறார்கள். அந்த மாதத்தின் பத்தாம் நாள் ஆஷூரா, நபியின் பேரர் ஹுசைன் கி.பி. 680-இல் கர்பலாவில் கொல்லப்பட்ட நாள். ஷியா பிரிவினருக்குத் துக்க நாள், மற்றவர்களில் பலர் நோன்பு வைப்பார்கள். நம் கிறிஸ்தவ நண்பர்களுக்குப் புனித வெள்ளியன்று "ஹாப்பி" போட்டு அனுப்புகிற தவறும் இதே ரகம். மீலாது நபியைச் சிலர் கொண்டாடுவார்கள், சிலர் கொண்டாடுவதில்லை என்று உறுதியாக இருப்பார்கள். அவர்கள் வீட்டில் என்ன வழக்கம் என்று தெரிந்தால் மட்டும் அனுப்புங்கள்.

அவங்க வீட்டுல போன மாசம்தான் ஒருத்தர் தவறிட்டார். அனுப்பலாமா?

வீடியோ அனுப்ப வேண்டாம், நேரில் போங்கள். நம் பக்கம் சாவு நடந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை இல்லை என்போம். அவர்களுக்கு அந்தக் கணக்கு கிடையாது. பொதுவாகத் துக்கம் மூன்று நாள், கணவரை இழந்த பெண்ணுக்கு மட்டும் நான்கு மாதம் பத்து நாள் இத்தா. பெருநாள் தொழுகைக்குப் போவார்கள், சமையலும் நடக்கும். ஆனால் மனசு மனசுதானே. "வாழ்த்துகள்" என்று சத்தமாகச் சொல்லாமல், சும்மா போய் உட்கார்ந்து, அவர் இருந்தபோது பெருநாளன்று என்ன செய்வார் என்று பேசிவிட்டு வாருங்கள். இத்தாவில் இருக்கும் அம்மாவைப் பார்க்க ஆண்கள் உள்ளே போக மாட்டார்கள், வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்.

எங்க குடும்ப குரூப்புல போட்டேன். "அவனுங்களுக்கு எதுக்கு வாழ்த்து"ன்னு ஒரு சித்தப்பா ஆரம்பிச்சுட்டார். என்ன பதில் சொல்றது?

முதல் தவறு குரூப்பில் போட்டது. அது எதிர்வீட்டுக்கு எழுதிய கடிதம் மாதிரி, சித்தப்பாவுக்கு அதில் வேலை இல்லை. இனி அங்கே நீக்கிவிட்டு ஓடினாலும் நன்றாக இருக்காது, பத்து வரி விவாதம் செய்தாலும் அவர் மாறப் போவதில்லை. "அவங்க நம்ம அப்பா ஆஸ்பத்திரியில இருந்தப்ப ராத்திரி கூட இருந்தாங்க சித்தப்பா" என்பது போல நடந்த ஒன்றை ஒரே வரியில் போட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அந்த உரையாடலைப் படம் பிடித்து எதிர்வீட்டாருக்கு மட்டும் காட்டிவிடாதீர்கள். "பாருங்க, உங்களுக்காக நான் எப்படிச் சண்டை போட்டேன்" என்று காட்டியவர்கள் உண்டு. பெருநாள் காலையில் அவர்களுக்கு அது தேவையா?

அனுப்பி ரெண்டு நாளாச்சு, ஒரு பதிலும் இல்ல. ஏதாவது தப்பாயிடுச்சோ?

பெரும்பாலும் இல்லை. பெருநாளும் மறுநாளும் உறவினர் வீடுகளுக்குப் போய் வருவதிலேயே கழியும். மூன்றாம் நாள் வாசலில் பார்க்கும்போது சாதாரணமாகப் பேசுகிறார்களா என்று கவனியுங்கள். பேசினால் ஒன்றும் இல்லை. முகம் சுருங்கினால் "வீடியோவுல ஏதாவது சரியில்லையா?" என்று நேராகக் கேட்டுவிடலாம். ஒரு வருடம் நான் இன்னொரு வீட்டுக்குப் போட்ட எழுத்தில் அவர்கள் பையன் பெயரைத் தவறாக எழுதியிருந்தேன். பள்ளிச் சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் எழுத வேண்டும் என்று அந்தப் பையனே வந்து சொன்னான். திருத்தி அனுப்பினேன்.

அது சரி, அந்தத் தூக்குவாளியில என்னதான் போட்டுக் குடுத்தீங்க?

இதையும் நிறையப் பேர் கேட்கிறார்கள். அசைவம் கொடுத்தால் ஹலால் கேள்வி வரும், சாமிக்குப் படைத்ததைச் சிலர் சாப்பிட மாட்டார்கள். அதனால் படையலுக்குப் போகாத இனிப்போ பழமோ சுலபம். என் மனைவி அதிரசம் சுட்டு, எட்டு அடுக்கி, மேலே ஒரு வாழையிலைத் துண்டு வைத்து மூடிக் கொடுத்தாள். தொழுகை முடிந்து பாய் திண்ணைக்கு வந்தபோது அப்பா கையாலேயே கொடுக்க வைத்தோம். தூக்குவாளி அன்று மத்தியானமே பிரியாணியோடு திரும்பி வந்து, இப்போதும் எங்கள் அலமாரியில்தான் இருக்கிறது.